தண்ணீர் பார்த்த வண்டி

"சிங்கிள் ஓனர். லேடீஸ் யூஸ்டு. எஞ்சின் ஓப்பன் பண்ணாத வண்டி. ஷோரூம் கண்டிஷன். நேரில் பார்த்தால் விடமாட்டீர்கள்." பழைய ஸ்கூட்டரை விற்கலாம் என்று முடிவு செய்த அன்று என் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரம் இது. போட்டோவை மட்டும் சேர்த்துப் போட்டுவிடு, மூன்று நாளில் போய்விடும் என்றான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. நான்தான் முதல் ஓனர், நான்தான் அதிகம் ஓட்டினேன், எஞ்சினை யாரும் பிரித்ததில்லை. ஆனால் இதைப் படிக்கிற ஒருவருக்கு அந்த வண்டியைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. முக்கியமாக, 2023 டிசம்பரில் அது மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு நாள் வெள்ளத்தில் நின்றது தெரியாது.

"அதை ஏன்க்கா எழுதறே? கேட்டா சொல்லு. கேக்கலைன்னா விடு" என்றான் தம்பி. கேட்டவர்களில் பாதிப்பேர் அதையேதான் சொன்னார்கள். எழுதினால் யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகும், என்ன எழுதுவது என்பது அவ்வளவு சுலபமாக இல்லை. "வெள்ளத்தில் நின்ற வண்டி" என்று மூன்று சொல் எழுதிவிட்டால் உண்மையைச் சொன்னதாகிவிடுமா? அதைப் படிப்பவர் சீட்டுக்கு மேல் முங்கிய வண்டியை நினைத்துக்கொள்வார். என் வண்டி அப்படி நிற்கவில்லை. பயமுறுத்துவதும் தகவல் சொல்வதும் ஒன்றல்லவே.

தண்ணீர் எதுவரை

மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது தெருத் தண்ணீர் டிசம்பர் 4ஆம் தேதி உள்ளே வந்தது. வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு வாசலில் நிறுத்தியிருந்தோம். மாடியிலிருந்து பார்த்தபோது கால் வைக்கும் பலகை மறைந்திருந்தது, சீட்டும் ஹேண்டிலும் வெளியே தெரிந்தன. அதற்கு மேல் ஏறவில்லை. தண்ணீர் இறங்கியதும் பார்த்தால் பலகைக்கு நாலு விரல் மேலே வண்டியைச் சுற்றிச் சேற்றுக் கோடு. காம்பவுண்டுச் சுவரிலும் அதே உயரத்தில் கோடு இருந்தது. ஊரில் இருந்த என் கணவருக்கு அனுப்புவதற்காக இரண்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோ இவ்வளவு உதவும் என்று அப்போது நினைக்கவில்லை.

அன்று எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் போனில் முதலில் சொன்னது, "சாவியைப் போடாதீங்க, செல்ஃப் அமுக்காதீங்க, தள்ளிக்கிட்டு வாங்க" என்பதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது எஞ்சினைச் சுற்றினால், காற்றை அழுத்துகிற மாதிரி தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்று பிறகு விளக்கினார். தள்ளிக்கொண்டு போனேன். அவர் முதலில் கழற்றியது ஏர் ஃபில்டர் பெட்டியை. இந்த மாதிரி ஸ்கூட்டர்களில் அது இடது பக்கம் பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும். உள்ளே ஃபில்டர் காய்ந்திருந்தது. "தப்பிச்சீங்க" என்றார். காற்று போகிற வழியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் பாதிக் கவலை போய்விடுமாம். மீதிப் பாதிக்கு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல மிதித்தார். சைலன்சர் வழியாக உள்ளே போயிருந்தால் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீச்சும். பீச்சவில்லை.

கீழ்ப்பகுதிதான் அடி வாங்கியிருந்தது. பெல்ட் ஓடுகிற இடது பக்கத்து மூடியைத் திறந்ததும் அரை டம்ளர் செம்மண் தண்ணீர் கொட்டியது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் ஆயில் போல்ட்டைக் கழற்றினார். வழக்கமாகத் தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்து கடைந்தால் அப்படித்தான் வெளுக்கும். அதை அப்படியே விட்டு ஓட்டியிருந்தால் சில மாதத்தில் பின் சக்கரத்துப் பேரிங் ஊளையிட ஆரம்பித்திருக்கும். கியர் ஆயிலை இரண்டு தடவை மாற்றினார். எஞ்சின் ஆயில் நிறம் மாறவில்லை, ஆனாலும் அதையும் மாற்றினார். புது பெல்ட், புது ரோலர், பிரேக் டிரம் இரண்டும் பிரித்துத் துரு தேய்த்தது, பெட்ரோல் டேங்கை வடித்தது எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்ததால் முழுவதும் கைக்காசு. பில்லில் தேதியும் மீட்டர் கிலோமீட்டரும் எழுதிக் கொடுத்தார்.

இதையெல்லாம் விளம்பரத்தில் எப்படிச் சுருக்குவது என்று இரண்டு மூன்று மாதிரி எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். சுருக்கினால் மறைப்பது போல் இருந்தது, விரித்தால் ஏதோ விபத்து அறிக்கை போல் இருந்தது.

கன்சல்டிங் கடைக்காரர் சொன்னது

அந்தச் சமயத்தில்தான், விலை தெரிந்துகொள்ளலாம் என்று பக்கத்து மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு கன்சல்டிங்குக்கு வண்டியை எடுத்துப் போனேன். பழைய வண்டி வாங்கி விற்கிற கடையை எங்கள் ஊரில் கன்சல்டிங் என்றுதான் சொல்வோம். கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார், நம்பர் பிளேட்டைப் பார்த்தார், ஒரு ரவுண்டு ஓட்டினார். "24,000 தரலாம் மேடம்" என்றார். நான் வெள்ளத்தைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. சொல்லிவிடலாம் என்று சொன்னேன், போட்டோவையும் காட்டினேன். விலையைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தேன். குறைக்கவில்லை. "அதான் தெரியுமே மேடம். டிஎன் 22, வீடு மடிப்பாக்கம்னு சொன்னீங்க, 2019 மாடல். இந்த ஏரியா வண்டி தண்ணி பார்க்காம இருக்குமா? நாங்க அதைக் கழிச்சுத்தான் சொல்லுவோம். என்ன, எவ்வளவு முங்குச்சுன்னு தெரியாது. அதனால முழுசா முங்குச்சுன்னே வெச்சுக்குவோம்."

அதுவரை நானும், எழுதாதே என்று சொன்னவர்களும், ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்: சொன்னால் விலை குறையும், சொல்லாவிட்டால் குறையாது. எனக்கு அது நேர்மைக்கும் பணத்துக்கும் நடுவில் இருக்கிற பிரச்சினையாகத் தெரிந்தது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டபோது அந்தக் கணக்கே தப்பு என்று புரிந்தது. விலை ஏற்கெனவே குறைந்துவிட்டது. தென்சென்னையில் அந்த டிசம்பருக்கு முன்னால் பதிவான எந்த வண்டிக்கும், விவரம் தெரிந்தவன் வெள்ளத்தைக் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மிக மோசமானதை நினைத்துக் கழிப்பான். பலகை வரைதான், ஃபில்டர் காய்ந்திருந்தது, இதோ பில் என்று சொன்னால், கழிக்க வேண்டியதை மட்டும் கழிப்பான். விவரம் தெரியாதவன் ஒருவன் வந்தால்தான் மறைத்தது லாபம். அந்த ஏமாளிக்காகக் காத்திருக்கும் விளம்பரம்தான் தம்பி அனுப்பியது.

அப்புறம் எழுதுவது தெளிவாகிவிட்டது. நான் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் வருகிறவர் வண்டி பக்கத்தில் நின்று சரிபார்க்க முடிய வேண்டும். சரிபார்க்க முடியாத வரி உண்மையாகவே இருந்தாலும் தேவையில்லை. "லேடீஸ் யூஸ்டு" என்பதை எப்படிச் சரிபார்ப்பது? சரிபார்த்தும் என்ன பயன்? நான் தினமும் குரோம்பேட்டைக்குப் போய் வந்த வண்டி அது, மேம்பாலமும் டிராஃபிக்கும் ஆண் ஓட்டினால் ஒரு மாதிரி பெண் ஓட்டினால் ஒரு மாதிரி தேயாது. "எஞ்சின் ஓப்பன் பண்ணாதது" என்பது சரியான காரணத்துக்காகப் பிரித்து பில்லோடு மூடிய எஞ்சினைவிட எந்த விதத்தில் மேல் என்று மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். "புகை வந்தா ஓப்பன் பண்ணித்தான் ஆகணும். பண்ணாம விக்கறவன்தான் அப்படி எழுதுவான்" என்றார். "ஷோரூம் கண்டிஷன்" போனது. அதற்குப் பதிலாக, "காலையில் 8 மணிக்கு முன் வாருங்கள், அன்று வண்டியை எடுத்திருக்க மாட்டேன், குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யலாம்" என்று எழுதினேன். வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு இது தெரியும்: ஸ்டார்ட்டிங் கோளாறோ, முதல் உறுமலில் வரும் வெள்ளைப் புகையோ, எஞ்சின் சூடாக இருந்தால் வெளியே தெரியாது. விற்கிறவர்கள் நாம் போவதற்குள் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து நிற்பதற்கு அதுதான் காரணம். எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மீட்டரில் ஒரு சிக்கல் இருந்தது. 31,400 காட்டியது. ஆனால் 2022இல் ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து சில மாதம் முள் அசையாமலே ஓட்டினேன். என் தினசரித் தூரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் உண்மை ஓட்டம் 33,000 இருக்கும். யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றும். ஆனால் சர்வீஸ் பில்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும், அந்த ஆண்டு இரண்டு பில்லுக்கு நடுவே கிலோமீட்டர் நகரவே இல்லை. மற்றவர் வண்டியில் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்கவும் இதே வழிதான் நல்லது. பழைய பில் எதுவும் இல்லை என்று சொன்னால் மீட்டரில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கிக்கர் ரப்பர், சீட், ஹேண்டில் கிரிப் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்.

36,000 எப்படி 29,500 ஆனது

விலை எழுதுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நான் 2019 மார்ச்சில் சுமார் 68,000 கொடுத்து வாங்கினேன் என்பதற்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் மனசு அங்கிருந்துதான் தொடங்கும். அதைத் தள்ளிவிட்டு, அதே மாடல் அதே வருஷம் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். 34,000 முதல் 48,000 வரை இருந்தது. அவையெல்லாம் கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. 45,000க்கு மேல் போட்டிருந்தவை வாரக்கணக்கில் அப்படியே கிடந்தன. 35,000, 37,000 என்று போட்டிருந்தவைதான் காணாமல் போயின. அதனால் குறை இல்லாத ஒரு வண்டிக்கு 36,000 என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக், ஸ்கூட்டர்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முன் 100 ரூபாய் இருந்த வண்டி 128க்கு வந்துகொண்டிருந்தது, இனி 118. ஷோரூம் விலை 80,000 இருந்த ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 6,250 ரூபாய் இறங்குகிறது. சாலை வரியும் அந்த விலையின் சதவீதம்தான் என்பதால் அதிலும் கொஞ்சம் குறையும். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்கும் அந்த அளவு இல்லாவிட்டாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகஸ்டில் போட்ட விளம்பரங்களை வைத்து அக்டோபரில் விலை வைத்தால், தீபாவளிக்குப் புது வண்டி எடுத்துவிடலாம் என்று வாங்குபவர் போய்விடுவார். நான் பார்த்ததில் செப்டம்பர் கடைசிக்குப் பின் வந்த விளம்பரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

36,000இலிருந்து கழிக்க ஆரம்பித்தேன். முன் டயர் வண்டியோடு வந்தது. டயரின் பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், இதில் 0619, அதாவது 2019இன் ஆறாவது வாரம் செய்தது. ரப்பர் இறுகி மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. புது டயர் 1,700. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வண்டி ஒரு உதறு உதறும், அது கிளட்ச் ஷூ, கூலியோடு 1,400. சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால், நேராக வரும்போது ஓரிடத்தில் லேசாகப் பிடித்து நிற்கும், அது ஹேண்டில் கழுத்துப் பேரிங்கான கோன் செட், 900. இந்த மூன்றும் 4,000. வலது பக்க பேனல் கீறலுக்கு நான் கழிக்கவில்லை, ஆறரை வயசு வண்டியில் அதெல்லாம் இருக்கும்.

கடைசியில் வெள்ளம். அதற்கு என்ன கழிப்பது? செய்த வேலைக்கு நான் செலவழித்த 3,800ஐக் கழிப்பதில் அர்த்தமில்லை, அது முடிந்த வேலை. இனிமேல் வரக்கூடியதைத்தான் கழிக்க வேண்டும். "தண்ணி பார்த்த வண்டியில் ரெண்டு வருஷம் கழிச்சு என்ன வரும்?" என்று மெக்கானிக் அண்ணனைக் கேட்டேன். வயர்களை இணைக்கும் கப்ளர்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும், செல்ஃப் மோட்டார் வலுவிழக்கும், வீல் பேரிங் சத்தம் போடும், இவை மூன்றில் ஒன்றோ இரண்டோ வரலாம் என்றார். எல்லாம் வந்தால் என்ன செலவு, எதுவும் வராவிட்டால் என்ன என்று இருவரும் பேசி 2,500 என்று வைத்தோம். இது துல்லியமான எண் அல்ல. ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம், வேறு கணக்கு இருந்தால் வருகிறவர் சொல்லலாம். 29,500.

தம்பி, "31,000 போடு, பேரம் பேசுறதுக்கு இடம் வேணாமா?" என்றான். நம் ஊரில் பேரம் பேசாமல் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது நிஜம்தான். ஆனால் ஒரு கணக்கை எழுதிக் காட்டிவிட்டு அதற்கு மேல் 1,500 ஒளித்து வைத்தால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். அதனால் கணக்கையே விளம்பரத்தில் போட்டேன்.

எழுதிப் போட்டது

கடைசியில் விளம்பரம் இப்படி நின்றது:

*110 சிசி ஸ்கூட்டர், 2019 மார்ச், பிஎஸ் 4, டிஎன் 22, முதல் ஓனர் நானே. விற்கக் காரணம்: இப்போது அலுவலக வண்டியில் போகிறேன்.*

*மீட்டர் 31,400. 2022இல் கேபிள் அறுந்து சில மாதம் ஓடவில்லை, உண்மையில் சுமார் 33,000 இருக்கும். சர்வீஸ் பில்கள் இருக்கின்றன.*

*2023 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் கால் பலகைக்கு நாலு விரல் மேல் வரை. போட்டோ 6 பாருங்கள். ஏர் ஃபில்டருக்குள் ஏறவில்லை. ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போய் கியர் ஆயில் இரண்டு முறை, எஞ்சின் ஆயில், பெல்ட், ரோலர் மாற்றியது. பில் 3,800, போட்டோ 7.*

*நன்றாக இருப்பது: எஞ்சின், ஸ்டார்ட்டிங், பேட்டரி (2024இல் புதியது), பின் டயர் (2022 தயாரிப்பு, பாதிக்கு மேல் இருக்கிறது). விபத்து இல்லை.*

*செய்ய வேண்டியது: முன் டயர் 1,700. கிளட்ச் ஷூ 1,400. கோன் செட் 900. வலது பேனலில் கீறல், போட்டோ 4.*

*ஆர்.சி. 2034 மார்ச் வரை. லோன் முடிந்து ஆர்.சி.யில் எச்.பி. கேன்சல் ஆகிவிட்டது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2026 மார்ச் வரை. அபராதம் பாக்கி எதுவும் இல்லை.*

*விலை: குறையில்லாமல் இருந்தால் 36,000. வேலைகளுக்கு 4,000, வெள்ளத்துக்கு 2,500 கழித்து 29,500. மேலே எழுதிய குறைகளுக்கு மறுபடி பேரம் வேண்டாம். நான் எழுதாத குறை ஏதாவது கண்டுபிடித்தால் அதன் செலவை முழுவதும் குறைத்துக்கொள்கிறேன். காலை 8 மணிக்கு முன் வாருங்கள், குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யலாம். மெக்கானிக்கை அழைத்து வரலாம். அட்வான்ஸ் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.*

விளம்பரத்தில் எச்.பி. என்று எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை. லோன் கொடுத்த பேங்கின் பெயர் ஆர்.சி.யில் ஏறியிருப்பதுதான் எச்.பி. நிறைய பேர் லோனைக் கட்டி முடித்துவிட்டு பேங்கில் தடையில்லாச் சான்றும் வாங்கி பீரோவில் வைத்திருப்பார்கள், ஆனால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து நீக்கியிருக்க மாட்டார்கள். விற்கிற நேரத்தில் பெயர் மாற்றம் அங்கே போய் நிற்கும், பேங்க் சான்று பழசாகிவிட்டது என்று புதிதாகக் கேட்கவும் கூடும். இருந்தால் விளம்பரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வாங்குகிறவர்கள் பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டே இன்சூரன்ஸ் தேதி, லோன், எத்தனையாவது ஓனர் எல்லாம் பார்த்துவிடலாம்.

வந்த அழைப்புகள் குறைவுதான். தம்பி சொன்னது அதில் சரி. ஆனால் "கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேட்டு வைக்கிற அழைப்புகள் ஏறக்குறைய வரவே இல்லை. வந்தவர்கள் விளம்பரத்தைப் படித்துவிட்டு அதற்குள்ளிருந்து கேள்வி கேட்டார்கள். தாம்பரத்திலிருந்து ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண், தன் மாமாவோடு ஏழரை மணிக்கு வந்தார். மாமா முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கிக்கர், பிறகு செல்ஃப். கியர் ஆயில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாமா என்றார். பார்க்கச் சொன்னேன். தேன் நிறம். ஹேண்டிலைத் தூக்கித் திருப்பி, "ஆமாம், கோன் செட் பிடிக்குது" என்று மருமகளிடம் காட்டினார். அரை மணி நேரம் விளம்பரத்தைப் போனில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். அப்புறம் பின்பக்கம் குனிந்து, "மேடம், இது எழுதலையே" என்றார். பின் ஷாக் அப்சார்பரின் கீழே எண்ணெய்ப் பசை, அதில் தூசி ஒட்டியிருந்தது. சீல் போயிருக்கிறது. எனக்கு அது தெரியவே தெரியாது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டோம், புதுசு மாற்ற 1,100 ஆகும் என்றார். எழுதியபடி முழுவதும் குறைத்தேன். 28,400.

அங்கே பேரம் முடிந்துவிட்டது. வேறு எதற்கும் அவர்கள் குறைக்கச் சொல்லவில்லை. கன்சல்டிங் கடைக்காரர் கொடுப்பதாகச் சொன்னதைவிட 4,400 அதிகம்.

சாவி கொடுப்பதற்கு முன்னால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29 இரண்டு பிரதியும் படிவம் 30ம் கையெழுத்துப் போட்டோம், தேதியோடு வண்டியை ஒப்படைத்த நேரத்தையும் எழுதி ஒரு ரசீது இருவரும் வைத்துக்கொண்டோம். ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க விற்பவருக்கு 14 நாள், வாங்குபவருக்கு 30 நாள் சட்டத்தில் இருக்கிறது. "வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, நாங்க மாத்திக்கறோம்" என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி கைமாறிக் கைமாறிப் போயிருந்தும், பெயர் மாறாத முதல் ஓனர் தலையில்தான் விழுந்தது. நானும் அந்தப் பெண்ணும் ஒன்றாகவே போய் விண்ணப்பத்தைக் கொடுத்தோம்.

டிசம்பர் மழையில் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஈரத்தில் செல்ஃப் எடுக்கவில்லையாம். எனக்குத் திக்கென்றது. "இல்லக்கா, திட்டறதுக்குப் பண்ணலை" என்றார். அவர் பக்கத்து மெக்கானிக்கிடம் என் விளம்பரத்தை அப்படியே காட்டியிருக்கிறார். தண்ணீர் பலகைக்கு மேல் நாலு விரல் என்று படித்ததும், அவர் வேறெங்கும் தேடாமல் அந்த உயரத்துக்குக் கீழே இருக்கிற கப்ளர்களை மட்டும் பிரித்துப் பார்த்திருக்கிறார். செல்ஃப் மோட்டாருக்குப் போகிற ஒன்றில் பச்சை பிடித்திருந்தது. புதிதாக மாற்றி, கூலியோடு 350 ரூபாய். அந்தத் தொகையை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அதான் 2,500 கழிச்சிட்டீங்களே" என்றார்.